கோணேசர் மலையில் வராத இரைப்பு கைலாயத்தில் ஏன் வருகிறது? ஒக்சிமீற்றரில் 82 என்றால் என்ன அர்த்தம்?

திருகோணமலையில் இருந்து கைலாய யாத்திரை போய் வந்தவர்கள் இரண்டு விசயத்தைக் குழப்பத்தோடு கதைப்பார்கள். ஒன்று, "இங்கே ஒவ்வொரு நாளும் கோட்டை வாசலில் இருந்து மான்களைத் தாண்டிக் கோணேசர் கோயில் வரைக்கும் மூச்சு வாங்காமல் ஏறுகிறவன் நான், அங்கே கட்டிலில் இருந்து எழும்பிச் சப்பாத்து நாடாவைக் கட்டவே இரைத்தது" என்பது. மற்றது ஒக்சிமீற்றர். கொரோனா காலத்தில் வாங்கின அந்தச் சின்ன மெஷினை விரலில் மாட்டினால் 82 காட்டுகிறது. கொரோனா நேரம் 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று சொன்னார்களே, அப்படியென்றால் 82இல் நிற்கிற ஆள் எப்படித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சிரித்துக் கதைக்கிறார்?

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் போக முன்பு, பலரும் சொல்கிற ஒரு தவறான பதிலை ஒதுக்கி வைக்க வேண்டும். "மேலே போனால் உடம்பு புதிதாக இரத்தம் ஊறவைத்துச் சமாளிக்கும்" என்பதுதான் அது. ஊறவைக்கும், உண்மை. ஆனால் இரண்டு கிழமை யாத்திரை போகிறவருக்கு அது நேரத்துக்கு வந்து சேராது. அவரைக் காப்பாற்றுவது மூச்சும் சிறுநீரகமும்.

காற்றில் ஒட்சிசன் குறைவதில்லை

திருகோணமலைக் கடற்கரைக் காற்றிலும் 21 சதவீதம் ஒட்சிசன், கைலாயத்துக் காற்றிலும் அதே 21 சதவீதம்தான். மாறுவது வளிமண்டல அமுக்கம். நமக்கு மேலே நிற்கிற காற்றுக் கம்பத்தின் பாரம்தான் அமுக்கம். மேலே ஏற ஏற அந்தக் கம்பம் கட்டையாகிறது, பாரம் குறைகிறது, காற்று ஐதாகிறது. அதனால் ஒரு முறை இழுக்கிற மூச்சில் வருகிற ஒட்சிசன் மூலக்கூறுகளும் குறைகின்றன.

அமுக்கத்தை மில்லிமீற்றர் இரசம் என்ற அலகில் சொல்வார்கள். இனி வெறும் எண்ணாகவே எழுதுகிறேன். நம்முடைய கடல் மட்டத்தில் 760. 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் ஏறக்குறைய 612. மானசரோவர் ஏரிக்கரையில், அதாவது 4,590 மீற்றரில், சுமார் 440. கைலாயத்தைச் சுற்றும்போது கடக்க வேண்டிய டோல்மா லா கணவாய் 5,630 மீற்றர், அங்கே 385 அளவில் நிற்கும். நம்முடைய கடற்கரையில் இருப்பதில் பாதி.

1878இல் பிரெஞ்சு உடலியலாளர் பால் பேர் இதைத் தாழ் அமுக்க அறைக்குள் வைத்து நிறுவினார். மலை நோய்க்குக் காரணம் குளிரோ களைப்போ இல்லை, அமுக்கம் குறைவதுகூட நேரடிக் காரணம் இல்லை, ஒட்சிசனின் பங்கு அமுக்கம் குறைவதுதான் என்றார். பங்கு அமுக்கம் என்றால் மொத்த அமுக்கத்தில் ஒட்சிசனுக்கு மட்டும் உரிய பங்கு. 760இல் 21 சதவீதம் என்றால் 160. மானசரோவரில் 440இல் 21 சதவீதம் 92. இந்த எண்தான் நுரையீரலில் இருந்து குருதிக்குள் ஒட்சிசனைத் தள்ளுகிற விசை.

சிற்றறைக்குள் ஒரு சின்னக் கணக்கு

இனிக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், முழு விசயமும் இதற்குள்தான் இருக்கிறது.

நுரையீரலின் கடைசியில் இருக்கிற நுண்ணிய காற்றுப் பைகளைச் சிற்றறைகள் என்கிறோம். வெளிக்காற்று அப்படியே அங்கே போய்ச் சேருவதில்லை. வழியில் இரண்டு பேர் இடம் பிடிக்கிறார்கள். முதலாவது நீராவி. உடம்பின் வெப்பநிலையில் அது எப்போதும் 47ஐ எடுத்துக்கொள்ளும், கடற்கரையிலும் 47, மலையிலும் 47. இரண்டாவது குருதியில் இருந்து வெளியேறுகிற காபனீரொட்சைட்டு. வழக்கமாக அது 40இல் நிற்கும். ஒட்சிசன் கணக்கில் அதற்காக 50ஐக் கழிக்க வேண்டும் (உடம்பு எடுக்கிற ஒட்சிசனும் விடுகிற காபனீரொட்சைட்டும் சம அளவு இல்லாததால் 40ஐ 0.8ஆல் வகுக்கிறோம், அவ்வளவுதான்).

1. திருகோணமலையில்: 760இல் நீராவிக்கு 47 போக 713. அதில் 21 சதவீதம் 150. காபனீரொட்சைட்டுக்கு 50 கழித்தால் மிச்சம் 100. இந்த அமுக்கத்தில், குருதியில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபின் 97, 98 சதவீதம் நிரம்பும். ஒக்சிமீற்றர் காட்டுவது இந்தச் சதவீதத்தைத்தான்.

2. நுவரெலியாவில்: 612இல் 47 போக 565. அதில் 21 சதவீதம் 119. 50 கழித்தால் 69. 100இல் இருந்து 69 என்பது பெரிய இறக்கம் போலத்தான் தெரிகிறது, ஆனால் மெஷினில் 93, 94 வரும். ஈமோகுளோபின் நிரம்புகிற வளைகோடு உச்சியில் தட்டையானது, அதனால் அமுக்கம் கொஞ்சம் விழுந்தாலும் நிரம்பல் அதிகம் விழாது. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஒன்றையும் உணராமல் திரும்பி வருவது இதனால்தான்.

3. மானசரோவரில், திருகோணமலையில் விடுகிற அதே அளவு மூச்சை விட்டால்: 440இல் 47 போக 393. அதில் 21 சதவீதம் 83. 50 கழித்தால் 33. இங்கே வளைகோட்டின் செங்குத்தான பகுதிக்கு வந்துவிட்டோம். நிரம்பல் 60 சதவீதத்தை ஒட்டி விழும். ஆள் மயங்கி விழுகிற கட்டம்.

4. அதே மானசரோவரில், ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விட்டு, காபனீரொட்சைட்டை 40இல் இருந்து 27க்கு இறக்கினால்: கழிக்க வேண்டியது 50 இல்லை, 34தான். 83இல் 34 போக 49. நிரம்பல் 82, 83.

மூன்றாவது கணக்குக்கும் நாலாவது கணக்குக்கும் நடுவில் வெளிக்காற்றில் ஒரு மாற்றமும் இல்லை. மூச்சு கூடியிருக்கிறது, அதனால் சிற்றறைக்குள் காபனீரொட்சைட்டு பிடித்திருந்த இடம் ஒட்சிசனுக்குக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே மானசரோவரில் காட்டுகிற 82 அந்த ஆளின் உடம்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதன் அடையாளம். கொரோனாவில் 82 காட்டினவருக்கு வெளியே 760 அமுக்கத்தில் தாராளமாக ஒட்சிசன் இருந்தது, நுரையீரல்தான் அதைக் குருதிக்குள் விடவில்லை. எண் ஒன்றுதான், கதை வேறு.

மூச்சுக்கு ஒரு பிரேக் இருக்கிறது

அப்படியென்றால் போன உடனேயே நன்றாக மூச்சு விட்டு 27க்கு இறக்கிவிடலாமே என்று தோன்றும். முடியாது. காரணத்தை நம்முடைய கடற்கரைக்காரருக்கு விளங்கப்படுத்துவது சுகம், மூச்சைப் பிடித்து முக்குளிக்கிறவர்கள் இதை உடம்பால் அறிவார்கள்.

தண்ணிக்குள் மூச்சைப் பிடித்திருக்கும்போது "இனி முடியாது, மேலே போ" என்று நெஞ்சு முட்டுகிறதே, அதில் பெரும் பங்கு ஒட்சிசன் குறைவதால் வருவதில்லை, காபனீரொட்சைட்டு கூடுவதால் வருகிறது. முக்குளிக்க முன்பு வேகவேகமாக நிறைய மூச்சு விட்டு அதைக் கழுவிவிட்டு இறங்கினால் அந்த முட்டல் பிந்தித்தான் வரும், அதற்குள் ஒட்சிசன் தீர்ந்து ஆள் தண்ணிக்குள்ளேயே மயங்கிவிடலாம். அனுபவசாலிகள் அப்படிச் செய்யாதே என்று பொடியன்களை ஏசுவது இதற்குத்தான்.

அதாவது சாதாரண நேரத்தில் மூச்சின் கடிவாளம் காபனீரொட்சைட்டின் கையில். மலைக்குப் போனதும் வேறொரு அதிகாரி எழும்புகிறார். கழுத்தில் இரண்டு பக்கமும் நாடி துடிக்கிற இடத்துக்கு அருகில் கரோட்டிட் உடலம் என்று ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது, அரிசி மணி அளவுதான். குருதியில் ஒட்சிசன் குறைந்ததும் சில செக்கன்களுக்குள் அது மூளைக்கு "மூச்சைக் கூட்டு" என்று சொல்லும். மூச்சும் கூடும். ஆனால் மூச்சு கூடக் கூடக் காபனீரொட்சைட்டு வெளியே போகும், அது ஒரு அமில வாயு என்பதால் அது போகக் குருதி காரமாகும். உடனே மூளையில் இருக்கிற பழைய அதிகாரி "காபனீரொட்சைட்டு போதுமான அளவு வெளியே போய்விட்டது, மூச்சைக் குறை" என்று பிரேக் போடுவார். ஒருவர் அக்சிலேட்டரை மிதிக்கிறார், மற்றவர் பிரேக்கை. முதல் நாள் 40இல் இருந்து 36, 35க்கு இறங்குவதோடு வண்டி நின்றுவிடும்.

இரவில் இந்த இழுபறி கண்ணுக்கே தெரியும். நித்திரையில் பத்துப் பதினைந்து செக்கன் மூச்சே இல்லாமல் கிடப்பார், பிறகு நாலைந்து பெரிய மூச்சு இழுப்பார், திரும்ப அமைதி. பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவர் பயந்து எழுப்பிவிடுவார். பிரேக்கும் அக்சிலேட்டரும் மாறி மாறி மிதிபடுவதுதான் அது. உயரத்தில் சாதாரணமாக நடக்கிற விசயம், நித்திரை கெடும், ஆனால் அதுவாக ஆபத்தானது இல்லை.

பிரேக்கைத் தளர்த்துகிறவர் யார் என்றால், சிறுநீரகம். குருதியைக் காரமாக வைத்திருக்கிற இருகாபனேற்று என்ற உப்பைச் சிறுநீரோடு வெளியே விடத் தொடங்கும். மலையில் முதல் நாட்களில் அடிக்கடி சலம் போவதற்கு இதுவும் ஒரு காரணம், தண்ணி கூடக் குடித்ததால் மட்டும் இல்லை. உப்பு வெளியேற வெளியேறக் குருதி பழைய நிலைக்குக் கிட்ட வரும், மூளையின் பிரேக் விடுபடும், மூச்சு இன்னும் கூடும், காபனீரொட்சைட்டு 35இல் இருந்து 32க்கும் 30க்கும் 27க்கும் இறங்கும். ஒக்சிமீற்றரில் முதல் நாள் 74, 75 நின்றது நாலைந்து நாளில் 80ஐத் தாண்டும். இதை அவசரப்படுத்த முடியாது. சில மணித்தியாலங்களில் தொடங்கினாலும் பெரும்பகுதி முடிய நாலில் இருந்து பத்து நாள் வரை எடுக்கும், இன்னும் மேலே ஏறினால் திரும்பக் கொஞ்சம் வேலை இருக்கும்.

யாத்திரை போகிறவர்களுக்கு வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கிற அசிற்றசோலமைட் குளிசை செய்வதும் இதே வேலைதான். சிறுநீரகத்தைக் கொண்டு இருகாபனேற்றைக் கெதியாக வெளியேற்றுகிறது. அது ஒட்சிசன் தருவதும் இல்லை, தலையிடியை மறைப்பதும் இல்லை, பிரேக்கை முன்கூட்டியே கழற்றுகிறது. விரல் நுனி விறுவிறுக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், அது மருந்தின் குணம். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை வைத்தியரிடம் முதலே சொல்ல வேண்டும்.

இருக்கும்போது சரி, நடந்தால் ஏன் இப்படி?

இப்போது சப்பாத்து நாடா விசயத்துக்கு வருவோம்.

ஓர் ஆள் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்தலாம் என்பதற்கு ஒரு கூரை இருக்கிறது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இத்தனை மில்லிலீற்றர் என்று அளப்பார்கள். கோணேசர் கோயிலுக்கு நடந்து பழகின ஐம்பத்தைந்து வயது ஐயா ஒருவருக்கு அது 35 என்று வைப்போம். கோட்டைச் சாலையில் அவர் வழக்கமாக ஏறுகிற வேகத்துக்கு 20 தேவை. 35இல் 20 என்றால் தன்னுடைய கூரையில் 57 சதவீதத்தில் நடக்கிறார். கதைத்துக்கொண்டே போகலாம்.

மானசரோவருக்குப் போனதும் அந்த வேகத்தின் செலவு மாறாது. அதே உடம்பு, அதே ஏற்றம், அதே 20. ஆனால் கூரை சுமார் 30 சதவீதம் இறங்கி 25க்கு வந்துவிடும். இப்போது அதே நடை 80 சதவீதம். பத்து நிமிடத்தில் நின்றுவிடுவார். டோல்மா லாவில் கூரை 20 அளவுக்கு வரும், அப்படியென்றால் கோட்டைச் சாலை வேகம் அங்கே அவருடைய நூறு சதவீதம், சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. அதே கணவாயை 12 செலவாகிற ஆமை வேகத்தில் ஏறினால் 60 சதவீதம். ஏறிவிடலாம். அங்கே திபெத்திய வழிகாட்டிகள் "மெதுவாக, மெதுவாக" என்று கத்துவதற்குப் பின்னால் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது.

கூரை ஏன் அவ்வளவு இறங்குகிறது? சிற்றறையில் அமுக்கம் குறைந்தது ஒரு பகுதி. மற்றது நேரம். நிலாவெளி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். செங்குழியம்தான் பஸ், அதற்குள் ஈமோகுளோபின் ஆசனங்கள், சிற்றறை தரிப்பிடம், ஒட்சிசன் பயணிகள். ஓய்வாக இருக்கும்போது ஒரு செங்குழியம் நுரையீரலின் மயிர்க்குழாயில் ஏறக்குறைய முக்கால் செக்கன் நிற்கிறது. கடல் மட்டத்தில் தரிப்பிடத்தில் சனம் முண்டியடிக்கிறது, கால் செக்கனில் பஸ் நிரம்பிவிடும். நடக்கத் தொடங்கினால் இதயம் வேகமாகத் தள்ளும், பஸ் நிற்கிற நேரம் பாதியாகும், ஆனாலும் திருகோணமலையில் பிரச்சினை இல்லை. உயரத்திலோ தரிப்பிடத்தில் சனமும் குறைவு, ஏறுகிற வேகமும் குறைவு, பஸ்ஸும் நிற்காமல் பறக்கிறது, கால்வாசி ஆசனம் காலியாகவே புறப்பட்டுவிடும். இருக்கும்போது 82 காட்டின மெஷின் ஏற்றத்தில் பத்து அடி நடந்ததும் 74க்கு விழுவது இதனால். நின்று ஒரு நிமிடம் மூச்சு விட்டால் திரும்ப ஏறும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களின் இதயம் ஒரு துடிப்பில் கூடக் குருதியைத் தள்ளும், அவர்களுடைய பஸ் இன்னும் வேகமாக ஓடும். அதனால் சாதாரண ஆட்களைவிட அவர்களுக்குக் கூரை இறங்குவது குறைந்த உயரத்திலேயே தொடங்கிவிடுகிறது. மக்கெய்சர் மைதானத்தில் 90 நிமிடம் ஓடுகிற உதைபந்தாட்டக்காரர் நுவரெலியாவில் கடைசி இருபது நிமிடத்தில் பிந்துவார், அவரோடு போன தகப்பனுக்கோ ஒன்றும் தெரியாது. 2,240 மீற்றர் உயரமான மெக்சிகோ நகரில் 1968 ஒலிம்பிக் நடந்தபோது நீண்ட தூர ஓட்டங்களில் நேரங்கள் மந்தமாக இருந்ததும், குறுந்தூர ஓட்டங்களிலும் நீளம் பாய்தலிலும் உலக சாதனைகள் விழுந்ததும் ஒரே காரணத்தால்தான். நூறு மீற்றர் ஓட மூச்சே தேவையில்லை, ஐதான காற்று தடுப்பதும் குறைவு.

செங்குழியங்கள்: வரும், ஆனால் பிந்தித்தான்

ஒட்சிசன் குறைவதைச் சிறுநீரகமும் உணர்கிறது. கலங்களுக்குள் எச்.ஐ.எஃப். என்ற ஒரு புரதம் எப்போதும் உருவாகிக்கொண்டே இருக்கும், ஒட்சிசன் இருக்கிறவரை கலம் அதை உடைத்துக்கொண்டும் இருக்கும். ஒட்சிசன் குறைந்தால் உடைப்பது நின்றுவிடும், புரதம் சேரும், அது எரித்ரோபொயட்டின் என்ற ஓமோனைச் சுரக்கச் செய்யும். இந்தப் பொறிமுறையைக் கண்டுபிடித்ததற்காகத்தான் கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா என்ற மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஓமோன் எலும்பு மச்சைக்குப் போய் "செங்குழியம் கூட்டிச் செய்" என்று சொல்லும். மேலே போய்ச் சில மணித்தியாலங்களில் ஓமோன் ஏறத் தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்துக்கு வந்துவிடும்.

இங்கேதான் சனம் ஏமாறுகிறது. ஓமோன் வந்தது ஓடர் கொடுத்த மாதிரி. சாமான் வர வேண்டுமே.

ஒரு செங்குழியத்தின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே உடம்பு சாதாரணமாக ஒரு நாளுக்கு மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் புதிதாகச் செய்கிறது, அதுவும் இறக்கிறதற்கு ஈடாக. மலையில் உற்பத்தி இரண்டு மடங்கானாலும் மிச்சமாகச் சேருவது நாளுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. மச்சையில் ஒரு கலம் முதிர்ந்து குருதிக்கு வர ஒரு கிழமை அளவில் வேறு எடுக்கும். 4,000 மீற்றருக்கு மேலே எட்டு நாள் நிற்கிற யாத்திரிகருக்குப் புதிய செங்குழியங்களால் கிடைக்கிற லாபம் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. குறிப்பிடத்தக்க அளவு சேர மூன்று நாலு கிழமை வேண்டும், முழுதாக மாற மாதங்கள்.

"இல்லை, எனக்கு அங்கே குருதி சோதித்தபோது ஈமோகுளோபின் ஏறியிருந்தது" என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. மேலே போன முதல் நாட்களில் உடம்பு தண்ணியை வெளியே விடுகிறது. குருதியின் நீர்ப்பகுதி, திரவவிழையம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது வற்றுகிறது. கணக்காகப் பார்த்தால், 5 லீற்றர் குருதியில் திரவவிழையம் 2.8 லீற்றர், ஈமோகுளோபின் அளவு 14. திரவவிழையத்தில் 0.4 லீற்றர் குறைந்தால் மொத்தம் 4.6 லீற்றர், ஈமோகுளோபின் 15.2. ஒரு புதுச் செங்குழியம்கூட வரவில்லை, சொதி வற்றித் தடிப்பானது மாதிரி. ஒவ்வொரு லீற்றர் குருதியும் கொஞ்சம் கூட ஒட்சிசன் சுமக்கும் என்பதால் இதில் பலனும் உண்டு, ஆனால் இதயம் தள்ளுவதற்கு மொத்தக் குருதி குறைந்துவிட்டது.

1890இல் வியோ என்ற பிரெஞ்சுக்காரர் பெரு நாட்டின் மொரோகோச்சா சுரங்க ஊருக்கு ஏறித் தன்னுடைய குருதியையே எண்ணிப் பார்த்தார். லீமாவில் ஒரு கன மில்லிமீற்றருக்கு 50 இலட்சமாக இருந்தது மூன்று கிழமைக்குள் 70 இலட்சத்தைத் தாண்டியது. உயரம் செங்குழியத்தைக் கூட்டுகிறது என்று உலகம் அறிந்தது அப்போதுதான். அந்த ஏற்றத்தில் ஒரு நல்ல பங்கு வற்றலால் வந்தது என்று இன்றைக்குச் சொல்லலாம்.

அப்புறம் இன்னொரு விசயம். செங்குழியம் கூடக் கூட நல்லது என்பதும் சரியில்லை. குருதி தடித்தால் இதயத்துக்குத் தள்ளுவது கஷ்டம், கட்டிபடுகிற ஆபத்தும் கூடும். அந்தீஸ் மலைகளில் பிறந்து வாழ்கிறவர்களிலேயே சிலருக்கு அளவு மீறிப் போய் நோயாகிறது. அதை 1925இல் பெருவின் கார்லோஸ் மோங்கே விவரித்தார், இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். ஆனால் மானசரோவர் பக்கத்தில் யாக்கை ஓட்டிக்கொண்டு நம்மைக் கடந்து போகிற திபெத்தியரின் ஈமோகுளோபின் 4,000 மீற்றரிலும் ஏறக்குறைய நம்முடைய அளவில்தான் இருக்கும். ஈபாஸ்1 என்ற மரபணுவில் அவர்களுக்கு இருக்கிற வேறுபாடு அந்த ஓமோன் ஓடரை அடக்கி வைக்கிறது. அவர்கள் சமாளிப்பது பெரும்பாலும் கூடுதலான மூச்சாலும், தசைக்கு நன்றாகக் குருதி போவதாலும். அதாவது ஆயிரக்கணக்கான வருசமாக அங்கே வாழ்ந்தவர்களின் உடம்பே தடித்த குருதியைத் தெரிவு செய்யவில்லை.

நம்முடைய பெண்களுக்கு ஒரு குறிப்பு மட்டும். செங்குழியம் செய்ய இரும்புச் சத்து வேண்டும். ஏற்கெனவே ஈமோகுளோபின் 10இல் நிற்கிறவர் மேலே போனால் பஸ்ஸில் ஆசனமும் குறைவு, பயணியும் குறைவு. போவதற்கு முந்தின கிழமை குளிசை விழுங்கிப் பிரயோசனம் இல்லை. இரண்டு மூன்று மாதம் முன்பே சோதித்துத் தேற்றிக்கொள்ள வேண்டும்.

இதை வைத்து யாத்திரை அட்டவணையைப் பாருங்கள்

3,000 மீற்றருக்கு மேலே ஓர் இரவு படுத்த இடத்துக்கும் அடுத்த இரவு படுக்கிற இடத்துக்கும் 500 மீற்றருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் விதி. இது சிறுநீரகத்தின் வேகத்துக்கு ஏற்றபடி போட்ட விதி.

நேபாளம் வழியாகத் தரைமார்க்கமாகப் போகிறவர்களின் வழக்கமான பாதையில் கத்மண்டு 1,400 மீற்றர், எல்லைப் பட்டினமான கேருங் 2,700ஐ ஒட்டி, அடுத்தது சாகா, சுமார் 4,500. கேருங்கில் இருந்து சாகாவுக்கு ஒரே பகல் பஸ் ஓட்டம், 1,800 மீற்றர் ஏற்றம். விதிப்படி பார்த்தால் நடுவில் குறைந்தது நாலு இரவுகள் வேண்டும். பஸ்ஸில் இருந்து போவதால் களைப்புத் தெரியாது, ஆனால் சாகாவில் இறங்குகிற உடம்பின் காபனீரொட்சைட்டு இன்னும் 36இல் நிற்கிறது, பிரேக் இறுகினபடியே இருக்கிறது. அன்று இரவு தலையிடியும் ஓங்காளமும் வருவதில் ஆச்சரியம் இல்லை. கேருங்கில் இரண்டு இரவு, சாகாவில் இரண்டு இரவு என்று போட்டிருக்கிற அட்டவணை ஒரு இரவாகப் போட்டதைவிட நல்லது. விலையைப் பார்க்க முன்பு இதைப் பாருங்கள்.

ஒக்சிமீற்றர் பாவிக்கும் விதம்:

1. ஏறி வந்த கையோடு போடாதீர்கள். கையைச் சூடாக்கி, ஐந்து நிமிடம் இருந்துவிட்டு, எண் நிலையாக நிற்கும்வரை பொறுங்கள். குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் மருதோன்றியும் பிழையாகக் காட்டலாம்.

2. தனி எண்ணைப் பார்க்காதீர்கள். அதே இடத்தில், அதே நேரம் வந்த மற்றவர்களோடு ஒப்பிடுங்கள். எல்லோரும் 80 முதல் 85க்குள் நிற்க ஒருவர் மட்டும் 68 என்றால் அவரைக் கவனியுங்கள். நாளுக்கு நாள் ஏற வேண்டிய எண் இறங்கினாலும் அப்படித்தான்.

3. எண்ணைவிட ஆள் முக்கியம். 84 காட்டினாலும் ஆள் தள்ளாடினால் ஆள் சொல்வதுதான் சரி.

தலையிடியோடு ஓங்காளம், சோர்வு, நித்திரையின்மை என்றால் சாதாரண மலை நோய். அன்றைக்கு மேலே ஏறக் கூடாது, தங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளியும், கூடினால் இறங்க வேண்டும். பயப்பட வேண்டியது மற்ற இரண்டும். ஓய்வாக இருக்கும்போதே இரைப்பு, படுக்க முடியாமை, இருமல், அதோடு நுரையான அல்லது சிவந்த சளி என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறது. குழப்பமாகக் கதைப்பது, நடை தள்ளாடுவது என்றால் மூளை வீங்குகிறது. இதற்கு ஒரு லேசான சோதனை உண்டு: நிலத்தில் ஒரு நேர்கோட்டை மனதில் வைத்து, ஒரு பாதத்தின் குதியை மற்றப் பாதத்தின் பெருவிரலோடு ஒட்ட வைத்துப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் நேரம் பார்க்காமல் இறக்க வேண்டும், இரவானாலும் சரி, தரிசனம் நாளைக்குக் காலையில் என்றாலும் சரி. ஒட்சிசன் சிலிண்டரும் மருந்தும் இறக்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான். ஆயிரம் மீற்றர் இறங்கினால் காற்றே மருந்து.

கீழே வந்த பிறகு என்ன நடக்கும்? திருகோணமலையில் இறங்கின அன்றைக்கே மெஷின் 98 காட்டும். ஆனால் சிறுநீரகம் வெளியே விட்ட இருகாபனேற்றைத் திரும்பச் சேர்க்க அதற்குச் சில நாள் வேண்டும். அதுவரைக்கும் மூளையின் பிரேக் தளர்ந்தே கிடக்கும். ஆகவே ஊர் வந்து முதல் இரண்டு மூன்று நாள் கோட்டைச் சாலையில் ஏறும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட மூச்சு விடுவதைக் கவனித்தால் நெஞ்சு வருத்தம் என்று பதற வேண்டாம், உடம்பு இன்னும் மானசரோவரின் கணக்கில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.